கோவொர்க்கிங் இடத்துக்கு பட்ஜெட் போடுறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், பெட்டாலிங் ஜெயா பக்கம் கோவொர்க்கிங் ஆரம்பிக்கணும்னு வர்றவங்க, சங்கத்து கட்டடத்துல மேல்மாடி சும்மா கிடக்கு இளைஞர்களுக்கு இன்குபேட்டர் மாதிரி செய்யலாமான்னு கேக்கறவங்க, எல்லாருக்கும் சந்தேகம் ஏறக்குறைய ஒண்ணுதான். அதையெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இங்க தொகுத்திருக்கேன். கணக்கு புரியறதுக்காக ஒரே இடத்தை உதாரணமா வச்சு கடைசி வரைக்கும் போறேன்: பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஷாப்லாட்டோட முதல் மாடியும் ரெண்டாவது மாடியும், ரெண்டும் சேர்த்து 2,800 சதுர அடி. தொகையெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க தெருவுல என்ன விலையோ அதைப் போட்டுக்குங்க.

இடத்தை வாடகைக்கு எடுத்து, மேசை நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு சீட்டுன்னு கொடுக்கறதுதானே. இதுக்கு எதுக்கு தனியா பட்ஜெட்?

ஏன்னா நீங்க கட்ட வேண்டியது வருஷக்கணக்குல, உங்களுக்கு வர வேண்டியது மாசக்கணக்குல. கட்டட ஓனர்கிட்ட மூணு வருஷத்துக்கு கையெழுத்து போடுறீங்க, மெம்பர் உங்ககிட்ட ஒரு மாச நோட்டீஸ் கொடுத்துட்டு போயிடலாம். ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் வாடகை ஓடும். பல நாட்டுல கோவொர்க்கிங் இடம் நடத்துன வீவொர்க் கம்பெனி 2023 நவம்பர்ல அமெரிக்காவுல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கு போனப்போ அதோட பெரிய பாரமே நீண்டகால வாடகை ஒப்பந்தங்கள்தான். அவ்வளவு பெரிய கம்பெனியை அழுத்துன அதே விஷயம் 40 சீட் இடத்துலயும் இருக்கு.

அதனால இந்த பட்ஜெட்டுல முதல்ல பதில் சொல்ல வேண்டிய கேள்வி "எவ்வளவு லாபம்" இல்ல, "எத்தனை சதவீதம் நிறைஞ்சா நான் கைக்காசு போடாம இருக்கலாம், அந்த சதவீதத்துக்கு வர்ற வரைக்கும் எவ்வளவு காசு கையில வேணும்". மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்.

2,800 சதுர அடியில எத்தனை சீட் போடலாம்? 60 போடலாம்னு கான்ட்ராக்டர் சொல்றாரு.

போடலாம், ஆனா உட்கார்றவங்க ரெண்டு மாசத்துல போயிடுவாங்க. படிக்கட்டு, டாய்லெட், பேன்ட்ரி, நடைபாதை, மீட்டிங் ரூம், எல்லாம் போக மிச்சம்தான் சீட்டுக்கு. மொத்த பரப்புல ஒரு சீட்டுக்கு 70 சதுர அடின்னு வச்சா 40 சீட் வரும், நான் அதைத்தான் எடுத்துக்கறேன். நாலு பேர் கேபின் நாலு, அதுல 16 சீட். தனக்குன்னு ஒதுக்கின டெஸ்க் 12. யார் வேணும்னாலும் உட்கார்ற ஹாட் டெஸ்க் 12. ஒரு மீட்டிங் ரூம்.

60 சீட்டை பேப்பர்ல போட்டா கணக்கு எப்பவுமே அழகா வரும், அதுதான் ஆபத்து. கேபினை எங்க போடறீங்க, வெளியேறும் வழி எப்படி இருக்குங்கறதுல போம்பா விதிமுறையும் இருக்கு, அதனால பார்ட்டிஷன் அடிக்கறதுக்கு முன்னாடியே பிளானை காட்டி கேட்டுடுங்க. அடிச்சதை உடைச்சா அந்த செலவுக்கு எந்த மெம்பரும் காசு தரமாட்டாரு.

மாசச் செலவு எவ்வளவு வரும்? வாடகையும் கரண்ட்டும் மட்டும்தானே பெருசு?

வாடகை பெருசுதான், ஆனா பாதி கூட இல்ல. உதாரணத்துல வாடகை 7,000 வெள்ளி. இடத்தை பார்த்துக்க முழுநேரமா ஒருத்தர், சம்பளம் 2,800, அதுமேல முதலாளி கட்டற இ.பி.எஃப். 13 சதவீதம், சொக்சோ எல்லாம் சேர்த்து 3,250. இந்த முதலாளி பங்கை பட்ஜெட்டுல விட்டுடறவங்க நிறைய பேர். கரண்ட் 1,800, பெரும்பகுதி ஏர்கோன். கிளீனிங் 900. இன்டர்நெட் ரெண்டு லைன், ரெண்டு வேற கம்பெனி, 500. ரெண்டு எதுக்குன்னா ஒரு நாள் லைன் போச்சுன்னா அன்னைக்கு மொத்த இடமும் வேலைக்கு ஆகாது, மெம்பருக்கு நீங்க விக்கறதே அதைத்தான். பேன்ட்ரி சாமான், தண்ணி, டிஷ்யூ 600. இன்சூரன்ஸ், டிபிகேஎல் லைசன்ஸ், கணக்காளர், புக்கிங் சாஃப்ட்வேர் 550. ஏர்கோன் சர்வீஸ், உடைஞ்ச நாற்காலி இதுக்கெல்லாம் மாசம் 400 ஒதுக்கிடணும். மொத்தம் 15,000.

இதுல கவனிங்க, மெம்பர் கூடினா கூடற செலவுன்னு பார்த்தா பேன்ட்ரியும் கொஞ்சம் கரண்ட்டும்தான். மீதி எல்லாம் அஞ்சு பேர் இருந்தாலும் நாப்பது பேர் இருந்தாலும் அதேதான். இந்த ஒரு விஷயம் பின்னாடி தள்ளுபடி, இலவச சீட் எல்லாத்துலயும் திரும்ப வரும்.

ரெனோவேஷன் ஒரே தடவை பண்றது. அதை ஏன் மாசக் கணக்குல இழுக்கறீங்க?

ஒப்பந்தம் முடிஞ்சா அந்த பார்ட்டிஷனை தூக்கிட்டு போக முடியாது, அதனால. நிறைய ஒப்பந்தத்துல இடத்தை பழைய நிலைக்கு கொண்டுவந்து ஒப்படைக்கணும்னு வேற இருக்கும், அப்போ உடைக்கறதுக்கும் நீங்கதான் காசு போடணும். பார்ட்டிஷன், வயரிங், ஏர்கோன், மேசை எல்லாம் 1,08,000 வெள்ளி ஆச்சுன்னா, மூணு வருஷம் அதாவது 36 மாசம், மாசம் 3,000. செலவு 15,000 இல்ல, 18,000.

மலேசியாவுல மூணு வருஷத்துக்கு மேல போற வாடகையை நிலப்பதிவு ஆபீஸ்ல லீஸா பதியணும்ங்கறதால பெரும்பாலும் மூணு வருஷத்தோட நிறுத்தி, அடுத்த மூணு வருஷத்துக்கு புதுப்பிக்கற உரிமைன்னு எழுதுவாங்க. அந்த வரி இருக்கான்னு பாருங்க, புது வாடகை எப்படி முடிவாகும்னும் எழுதியிருக்கணும். வெறும் வாய்ப்பேச்சை நம்பி ரெனோவேஷனை ஆறு வருஷத்துக்கு பிரிச்சு மாசம் 1,500னு போடறது தப்பு.

ஒரு சீட்டுக்கு எவ்வளவு ஃபீஸ் வைக்கலாம்? பக்கத்து இடத்துல என்ன விலையோ அதையே வச்சா போதாதா?

பக்கத்து விலை உங்களுக்கு மேல்வரம்பு மட்டும்தான் சொல்லும், உங்க செலவு அவருக்கு தெரியாது. உங்க அடிவிலை இப்படி வரும்: 18,000ஐ 40ஆல வகுத்தா 450. ஆனா 40ம் என்னைக்கும் நிறையாது. 28 சீட், அதாவது 70 சதவீதம் நிறைஞ்சா ஒவ்வொரு சீட்டும் சுமக்க வேண்டியது 643. இதை பார்த்துட்டுத்தான் விலை வைக்கணும்.

உதாரணத்துல கேபின் சீட் 700, தனி டெஸ்க் 600, ஹாட் டெஸ்க் மெம்பர்ஷிப் 350. ஹாட் டெஸ்க் 12க்கு 18 மெம்பர் சேர்க்கறதா வச்சிருக்கேன், அது ஏன்னு கீழ சொல்றேன். எல்லாம் நிறைஞ்சா கேபின்ல 11,200, தனி டெஸ்க்ல 7,200, ஹாட் டெஸ்க்ல 6,300, ஆக 24,700. இதுதான் முழுவீட்டு வருமானம். இனிமே நான் சதவீதம்னு சொல்றது இந்த வருமானத்துல எத்தனை சதவீதம்ங்கறதைத்தான், தலையை எண்ணி இல்ல. ஒரு ஹாட் டெஸ்க் மெம்பரும் ஒரு கேபின் சீட்டும் ஒண்ணு இல்லையே, தலைக்கணக்குல இடம் நிறைஞ்ச மாதிரி தெரியும் பேங்க்ல காசு இருக்காது.

சரி, எத்தனை சதவீதம் வந்தா கட்டுபடியாகும்?

முதல்ல பட்டியல் விலை முழுசா வராதுன்னு ஒத்துக்கணும். ஆறு மாசம் முன்கூட்டியே கட்டறவருக்கு குறைப்பு, நாலு பேர் டீமுக்கு குறைப்பு, மாச நடுவுல சேர்றவருக்கு பாதி மாசம், எல்லாம் சேர்ந்து சராசரியா 10 சதவீதம் போயிடும்னு வைங்க. அப்போ 24,700 இல்ல, 22,230. மீட்டிங் ரூம்ல வெளியாட்கள்கிட்ட இருந்து மணிக்கு 40 வெள்ளின்னு மாசம் 30 மணிநேரம், 1,200. இதை ஷீட்ல இப்படி போடலாம்:

```
=(18000-1200)/22230
```

76 சதவீதம் வரும். ரெனோவேஷனை சேர்க்காம 15,000ஐ வச்சு போட்டா 62. இந்த ரெண்டு நம்பரையும் சுவத்துல எழுதி ஒட்டுங்க. 62ஐ தாண்டினா மாசாமாசம் கைக்காசு போட வேண்டியதில்ல. 76ஐ தாண்டினாத்தான் போட்ட முதல் திரும்புது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறவங்கதான் "நல்லா போகுது"ன்னு சொல்லிட்டு மூணாவது வருஷக் கடைசியில புது மேசை வாங்க காசில்லாம நிக்கறவங்க.

10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தா 10 சதவீதம்தானே குறையும்? அதுக்கு ஏன் இவ்வளவு பயம்?

மேல இருக்கற கணக்கை தள்ளுபடி இல்லாம போட்டுப் பாருங்க, 16,800ஐ 24,700ஆல வகுத்தா 68. தள்ளுபடியோட 76. அதாவது இடத்தை இன்னும் எட்டு சதவீதம் அதிகமா நிரப்பினாத்தான் பழைய இடத்துக்கு வருவீங்க, செலவு ஒரு வெள்ளி கூட குறையலையே. 20 சதவீதம் கொடுத்தா 85க்கு போயிடும், அது வருஷம் பூரா நிக்கறது ரொம்ப கஷ்டம்.

தள்ளுபடியே வேணாம்னு சொல்லல. அதுக்கு பதிலா எதாவது வாங்கிக்குங்க: நீண்ட ஒப்பந்தம், முன்பணம், ரெண்டு மாச நோட்டீஸ். திறப்பு விழா சலுகைன்னு "என்னைக்கும் 250"னு போட்டு சேர்க்கறது மட்டும் வேணாம். மூணு மாசத்துக்கு 250, நாலாவது மாசத்துல இருந்து 350னு ஃபார்ம்லயே எழுதிடுங்க.

12 ஹாட் டெஸ்க்குக்கு 18 பேரை சேர்க்கறது ஏமாத்து வேலை இல்லையா?

எல்லாரும் ஒரே நேரத்துல வரமாட்டாங்க, அதனாலதான் அந்த விலை தனி டெஸ்க்கை விட அவ்வளவு குறைவு. வந்தவருக்கு சீட் இல்லாம போனாத்தான் அது ஏமாத்து. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கு. செவ்வாய், புதன், வியாழன் காலைல பதினொரு மணிக்கும் மத்தியானம் மூணு மணிக்கும் போய் எத்தனை ஹாட் டெஸ்க்ல ஆள் இருக்குன்னு எண்ணி எழுதி வைங்க. வெள்ளிக்கிழமை எண்ணாதீங்க, தொழுகை நேரத்துல இடம் காலியா இருக்கும், கணக்கை கெடுத்துடும்.

12ல 10 சீட் அடிக்கடி நிறையுதுன்னா அன்னைக்கே புது ஹாட் டெஸ்க் சேர்க்கறதை நிறுத்தி காத்திருப்பு பட்டியல் போடுங்க, இல்லன்னா தனி டெஸ்க்ல காலியா இருக்கறதை ஒதுக்குங்க. ஒண்ணரை மடங்குங்கறது ஆரம்பத்துக்கு சொல்றது. மெம்பர்ல பாதிப்பேர் தினமும் ஒம்போதுக்கு வந்து ஆறுக்கு போறவங்கன்னா ஒண்ணே கால்கூட அதிகம்.

மீட்டிங் ரூம், காபி, பிரிண்டர், இதையெல்லாம் ஃபீஸ்லயே சேர்த்துடலாமா?

காபியை சேர்த்துடுங்க, அதுக்கு காசு கேட்டா முகம் சுளிப்பாங்க, ஆளுக்கு மாசம் 15 வெள்ளிதான் ஆகும். பிரிண்டருக்கு ஒரு அளவு வைங்க, மாசம் 50 பக்கம் மாதிரி, இல்லன்னா ஒருத்தர் மொத்த டெண்டர் டாக்குமென்ட்டையும் அங்கயே அடிப்பாரு.

மீட்டிங் ரூம்லதான் யோசிக்கணும். மெம்பருக்கு அளவில்லாம இலவசம்னா காலைல பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் யாராவது ஒருத்தர் தனியா போன் பேச உட்கார்ந்திருப்பாரு, காசு கொடுக்க தயாரா வர்ற வெளியாள் திரும்பிப் போவாரு. கேபினுக்கு மாசம் நாலு மணிநேரம், டெஸ்க்குக்கு ரெண்டு மணிநேரம், அதுக்கு மேல பாதி விலைன்னு வச்சா ஒழுங்கா ஓடும். போன் பேச ஒரு சின்ன பூத் போட்டா ரூம் மேல இருக்கற பாரம் பாதி குறையும். பட்ஜெட்ல 30 மணிநேரத்துக்கு மேல போடாதீங்க, கூட வந்தா சந்தோஷம்.

ஷாப்லாட் வேணாம், ஆபீஸ் டவர்ல எடுக்கலாம்னு பார்க்கறேன். 24 மணிநேரம் திறந்திருக்கும்னு விளம்பரம் பண்ணலாமா?

கதவு திறந்திருக்கும், ஏர்கோன் ஓடுமா? சென்ட்ரல் ஏர்கோன் இருக்கற டவர்கள்ல பொதுவா வேலை நாள்ல சாயந்திரம் ஆறு மணி வாக்குல நிறுத்திடுவாங்க, சனிக்கிழமை அரை நாள். அதுக்கு மேல வேணும்னா மணிக்கணக்குல, மாடிக்கணக்குல சார்ஜ். மணிக்கு 60 வெள்ளின்னு வைங்க, லண்டன் கிளையண்ட் கூட பேசற ஒரு மெம்பருக்காக தினமும் ரெண்டு மணிநேரம் ஓட்டினா 20 நாளுக்கு 2,400. அவர் கொடுக்கற 600ல இதை எங்க போய் ஈடு கட்டறது.

எடுக்கறதுக்கு முன்னாடி கட்டட மேனேஜ்மென்ட்கிட்ட ஆபீஸ் நேரம் முடிஞ்சப்புறம் என்ன ரேட்டுன்னு எழுத்துல வாங்குங்க, சின்னதா ஒரு ஸ்ப்ளிட் யூனிட் போட அனுமதி உண்டான்னும் கேளுங்க. ஷாப்லாட்ல ஸ்விட்ச் உங்க கையில இருக்கு, என் பார்வைக்கு 40 சீட் அளவுக்கு அதுதான் தோதா படுது.

ஆரம்பிக்க கையில எவ்வளவு இருக்கணும்? ரெனோவேஷன் காசு இருந்தா போதும்தானே?

போதாது, இங்கதான் நிறைய இடம் மூடுது. முதல் மாசம் 20 சதவீதம், அப்புறம் மாசாமாசம் அஞ்சு சதவீதம் கூடுதுன்னு வைங்க. 62ஐ தொட பத்தாவது மாசம் ஆகும். ஒரு சதவீதம்னா மாசம் ஏறக்குறைய 222 வெள்ளி. முதல் மாசம் 42 சதவீதம் குறை, ரெண்டாவது மாசம் 37, இப்படியே ஒம்போது மாசத்தையும் கூட்டினா கிட்டத்தட்ட 44,000 வெள்ளி கைக்காசு. முதல் மாசத்துலயே மீட்டிங் ரூம்ல 1,200 வராதுங்கறதையும் சேர்த்து 50,000னு வைங்க.

அதோட ஓனருக்கு ரெண்டு மாச டெபாசிட், அரை மாச யூட்டிலிட்டி டெபாசிட், 17,500. ரெனோவேஷன் 1,08,000. மொத்தம் 1,75,500, இதுபோக ஸ்டாம்ப் டூட்டி, வக்கீல் செலவு. ரெனோவேஷன் நடக்கற ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு வாடகை வேணாம்னு ஓனர்கிட்ட பேசிப் பாருங்க, இடம் ரொம்ப நாளா காலியா இருந்தா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, அதுலயே 7,000 மிச்சம்.

மெம்பர் கொடுக்கற டெபாசிட் இருக்கே, அதை வச்சு அந்த முதல் மாசங்களை ஓட்டலாமா?

வேணாம். அது உங்க காசு இல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஆளுக்கு ஒரு மாச டெபாசிட்னா இடம் நிறையும்போது 15,000 வெள்ளிக்கு மேல சேர்ந்துடும், பேங்க்ல பார்த்தா வருமானம் மாதிரியே தெரியும். அதை வாடகைக்கு கட்டிட்டீங்கன்னா ஒரு டீம் கிளம்பற மாசத்துல வருமானமும் போச்சு, டெபாசிட்டும் கொடுக்கணும், ரெண்டு அடி ஒரே மாசத்துல. தனி அக்கவுண்ட்ல போடுங்க. ஆறு மாசம் முன்கூட்டியே கட்டினவர் காசையும் அதே மாதிரி மாசாமாசம் ஒரு பங்கா எடுத்து வருமானத்துல சேருங்க.

ஒரே கம்பெனி ரெண்டு கேபின் கேக்குது, எட்டு சீட். அதிர்ஷ்டம்தானே?

நல்ல விஷயம்தான், ஆனா பட்ஜெட்ல ஒரு வரி சேருங்க: அவங்க போனா என்ன ஆகும். எட்டு சீட் தள்ளுபடி போக 630ன்னா 5,040. நீங்க 76 சதவீதத்துல இருந்தா அது 53க்கு விழுந்துடும், 62க்கும் கீழ. அதனால இப்படி டீமுக்கு ரெண்டு மாச நோட்டீஸ், ரெண்டு மாச டெபாசிட் கேளுங்க. மெம்பர் வருமானத்துல கால் பங்குக்கு மேல ஒரே கம்பெனிகிட்ட இருந்து வந்தா தனியா மூணு மாச வாடகையை சேமிப்புல வச்சிருக்கறது நல்லது.

எங்க சங்கத்துல புதுசா தொழில் ஆரம்பிக்கற பசங்களுக்கு நாலு சீட் இலவசமா கொடுக்க ஆசை. இடத்துக்கு எவ்வளவு நஷ்டம்?

அது இடம் எவ்வளவு நிறைஞ்சிருக்குங்கறதை பொறுத்தது. 55 சதவீதத்துல இருந்தா அந்த சீட் எப்படியும் காலிதான், நாலு பேருக்கு காபி, கரண்ட்னு மாசம் நூறு வெள்ளி கூட ஆகாது. தாராளமா கொடுங்க, ஆள் இருக்கற இடத்துக்குத்தான் ஆள் வரும். 95 சதவீதத்துல இருந்தா ஒவ்வொரு சீட்டுக்கும் காசு கொடுக்க ஆள் நிக்குது, அப்போ செலவு மாசம் 2,400.

அதனால ரெண்டு விஷயம் எழுதி வைங்க. ஒண்ணு, ஆறு மாசம்னு முடிவு தேதி, அதுக்கப்புறம் பாதி விலை, ஒரு வருஷத்துல முழு விலை. தேதி இல்லாம கொடுத்த சீட்டை திரும்ப கேக்கறது ரெண்டு பக்கத்துக்கும் மனசு கஷ்டம், அதுவும் நம்ம ஆளுங்களுக்குள்ள. ரெண்டாவது, இலவச சீட்டையும் 600 வெள்ளின்னு வருமானத்துல எழுதி, அதே தொகையை இன்குபேட்டர் செலவுன்னு எதிர்ல எழுதுங்க. ஸ்பான்சரோ கிராண்டோ கேக்கப் போகும்போது வருஷத்துக்கு 28,800 வெள்ளி நாங்க போடறோம்னு காட்ட உங்ககிட்ட நம்பர் இருக்கும். ஒண்ணு மட்டும், கிராண்ட் கிடைச்சா அதை 62 சதவீதக் கணக்குல சேர்க்காதீங்க, கிராண்ட்டுக்கு முடிவு தேதி உண்டு, வாடகைக்கு இல்ல.

பினாங்குல இதே கணக்கு சரிவருமா? ஜார்ஜ் டவுன்ல பழைய கடைவீடு ஒண்ணு கிடைச்சிருக்கு.

கணக்கு போடற முறை அதேதான், ரெனோவேஷன் வரி மட்டும் மாறும். ஜார்ஜ் டவுன் 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம், பாரம்பரிய எல்லைக்குள்ள இருக்கற கடைவீட்டுல இஷ்டத்துக்கு சுவத்தை தட்டவோ முகப்பை மாத்தவோ முடியாது, எம்பிபிபி அனுமதி வாங்கணும், அதுக்கு நாள் ஆகும். அந்த நாள்லயும் வாடகை ஓடினா அதுவும் உங்க முதல்தான். வீடு நீளமா, நடுவுல வானம் தெரியற மாதிரி முற்றம் வச்சு கட்டியிருக்கும், அதனால சீட்டுக்கு 70 சதுர அடி போதாது, கொஞ்சம் கூட போடுங்க.

சர்வீஸ் டேக்ஸ் கட்டணுமா?

2025 ஜூலை 1ல இருந்து வாடகை, லீசிங் சேவையும் சர்வீஸ் டேக்ஸுக்குள்ள வந்துடுச்சு. வருஷத்துக்கு மூணு லட்சம் வெள்ளி சுத்தி வர்ற நம்ம உதாரண இடம் பதிவு வரம்புக்கு கீழதான் இருக்கும். ஆனா உங்க கட்டட ஓனர் பெரிய ஆளா இருந்தா அவர் உங்க வாடகை மேல வரி போடலாம், சின்ன வாடகைதாரருக்கு விலக்கும் இருக்கு. வாடகை பேசும்போதே வரி சேர்த்தா சேர்க்காமலான்னு கேட்டுடுங்க, விகிதமும் வரம்பும் இப்போ என்னன்னு கஸ்டம்ஸ் அறிவிப்புல பார்த்துக்குங்க.

ஆறு மாசம் ஆச்சு, 45 சதவீதத்துலயே இருக்கு. மூடிடலாமா?

மேல போட்ட கணக்குல ஆறாவது மாசம் 45தான். நீங்க திட்டப்படி போறீங்க, மாசம் 3,800 வெள்ளி கைக்காசு போறதும் எதிர்பார்த்ததுதான். 45ங்கறதை விட, போன மூணு மாசத்துல எத்தனை பேர் சேர்ந்தாங்க எத்தனை பேர் போனாங்கன்னு தனித்தனியா பாருங்க. சேர்றவங்க குறைவுன்னா ஆளுங்களுக்கு இடம் தெரியல, விலையோ லொக்கேஷனோ காரணமா இருக்கலாம். சேர்ந்துட்டே இருக்காங்க ஆனா அதே அளவு போறாங்கன்னா உள்ள ஏதோ பிரச்சனை, சத்தம், இன்டர்நெட், பார்க்கிங், டாய்லெட், போறவங்ககிட்ட நேரா கேட்டா சொல்லிடுவாங்க.

மூணு மாசமா கூடவே இல்லன்னா அப்போ கையில அந்த 50,000ல மிச்சம் என்னன்னு பார்த்து, தீர்றதுக்கு முன்னாடியே ஓனர்கிட்ட போங்க. வாடகை குறைப்பு கேக்கலாம், இல்ல ஒரு மாடியை திருப்பிக் கொடுக்கலாம். ரெண்டாவது மாடியை விட்டா வாடகையில 3,500, ஏர்கோன்லயும் கிளீனிங்லயும் இன்னும் கொஞ்சம் குறையும், இருக்கற மெம்பர் ஒரே மாடியில அடங்குவாங்களான்னு மட்டும் எண்ணிப் பாருங்க. இது நடக்கணும்னா ஆரம்பத்துலயே மாடிக்கு ஒரு ஒப்பந்தம்னு ரெண்டா போட்டிருக்கணும், ரெண்டும் ஒரே ஒப்பந்தத்துல இருந்தா ஓனர் மனசு வச்சாத்தான் உண்டு. இன்னும் கையெழுத்து போடாதவங்க இதை இப்பவே கேளுங்க, ஸ்டாம்ப் டூட்டி ரெண்டு தடவை போனாலும் பரவாயில்ல.